மாப்பிள்ளை வாட்ச்சும் துபாய் அட்டையும்

கேள்வி: மகளுக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு டிஸோ பி.ஆர்.எக்ஸ். ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஷோரூமில் 68,500 ரூபாய் சொல்கிறார்கள். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைக்காரர் அதே மாடலை 49,000-க்குத் தருகிறேன் என்கிறார். "துபாய் சரக்கு சார், ஒரிஜினல் பீஸ், இன்டர்நேஷனல் வாரண்டி கார்டு உள்ளேயே இருக்கு" என்கிறார். பில் கேட்டால் "எழுதித் தர்றேன்" என்கிறார். 19,500 ரூபாய் சும்மா இல்லையே! அந்த வாரண்டி பெங்களூரில் செல்லுமா? வேறு சிக்கல் ஏதாவது உண்டா?
– அல்சூர் வாசகர்

பதில்: செல்லவும் செல்லலாம், செல்லாமலும் போகலாம். பணம் கொடுக்குமுன் அந்தப் பெட்டியைத் திறந்து வாரண்டி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். பாதி விடை அதில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிரே மார்க்கெட் சரக்கு என்றால் போலி என்று பொருள் இல்லை. கம்பெனி செய்த அசல் வாட்ச்தான். கம்பெனி நியமித்த டீலர் வழியாக வராமல் பக்கவழியாக வந்திருக்கிறது, அவ்வளவே. வெளிநாட்டில் ஒரு டீலரிடம் விற்காத சரக்கு தேங்கிப் போகும். நன்றாக ஓடும் மாடல் வேண்டுமென்றால் ஓடாத மாடலையும் சேர்த்து எடுக்க வேண்டிய நிலை அவர்களுக்கு. அதை மொத்தமாகத் தள்ளுபடியில் இடைத்தரகருக்குத் தள்ளிவிடுவார்கள். அது கைமாறிக் கைமாறி மும்பை ஹீரா பன்னாவிலோ, டெல்லி பாலிகா பஜாரிலோ, உங்கள் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலோ வந்து உட்காரும். ஆகவே 49,000 என்ற விலையைப் பார்த்த உடனே "டூப்ளிகேட்" என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பி.ஆர்.எக்ஸ்.-க்குப் போலிகளும் நிறைய உண்டு என்பது வேறு விஷயம்.

இப்போது அட்டைக்கு வருவோம். டிஸோ வாரண்டிக் கையேட்டில் ஒரு வாசகம் உண்டு. அதிகாரபூர்வ டிஸோ டீலர் தேதியிட்டு, முழுமையாகவும் சரியாகவும் பூர்த்தி செய்து, முத்திரை வைத்த சான்றிதழ் இருந்தால்தான் வாரண்டி நடைமுறைக்கே வரும் என்பது அதன் சாரம். இந்த ஒரு வரியில்தான் கிரே மார்க்கெட் வியாபாரம் முழுக்க வழுக்குகிறது. கடைக்காரர் சொன்ன "கார்டு உள்ளேயே இருக்கு" என்பது உண்மையாகவே இருக்கலாம். அச்சடித்த அட்டை ஒவ்வொரு பெட்டியோடும்தான் வருகிறது. அதில் யார் முத்திரை வைத்தார், என்று வைத்தார் என்பதே கேள்வி.

அட்டை மூன்று விதமாக இருக்கலாம். முத்திரையும் தேதியும் இல்லாத வெற்று அட்டை என்றால் கம்பெனி கணக்கில் வாரண்டியே தொடங்கவில்லை. அல்சூரிலிருந்து நீங்களே எழுதிக்கொண்டு போனாலும் சர்வீஸ் சென்டரில் எடுபடாது. உங்கள் கடைக்காரர் தம் ரப்பர் ஸ்டாம்பை அதில் அடித்துக் கொடுத்தாலும் கதை அதேதான், அவர் அதிகாரபூர்வ டீலர் இல்லையே. இரண்டாவது வகை, துபாயில் உண்மையான ஒரு டிஸோ டீலர் தேதியும் முத்திரையும் வைத்த அட்டை. இது சர்வதேச வாரண்டி, ஆகவே பெங்களூரிலும் செல்லும். எந்த நாட்டில் வாங்கினீர்கள் என்பது இந்த வகையில் தடையில்லை. மூன்றாவது, கடைக்காரர் தனியாகத் தரும் "ஷாப் வாரண்டி" சீட்டு. அது அவருக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம். விற்றவர் தரும் உத்தரவாதத்துக்கு விற்றவரே பொறுப்பு என்று கையேட்டிலும் கம்பெனி எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாவது வகை கிடைத்தால் நல்லது என்று தோன்றும். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. வாரண்டி ஓடத் தொடங்குவது அட்டையில் உள்ள தேதியிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளுக்கு அங்கே மதிப்பில்லை. உதாரணமாக 24 மாத வாரண்டி, அட்டையில் உள்ள தேதி 14 மாதம் முந்தையது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குக் கட்டும் "புது" வாட்ச்சுக்கு மிச்சம் 10 மாதம்தான். அட்டை பழசென்றால் வாட்ச்சும் அதே அளவு காலம் எங்கேயோ அலமாரியில் கிடந்திருக்கிறது என்று பொருள்.

ஆகவே செய்ய வேண்டியது இது. அட்டையில் உள்ள மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் வாட்ச்சின் பின்மூடியில் பொறித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். டீலர் பெயரை டிஸோ இணையதளத்தின் கடைப் பட்டியலில் தேடுங்கள். பிறகு பெங்களூரில் உள்ள அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்கு, பணம் கொடுக்கும் முன்னாலேயே, அட்டையின் போட்டோவோடு போய், "இது வந்தால் வாரண்டியில் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். கடைக்காரர் போட்டோ எடுக்க விடவில்லை என்றால் உங்களுக்கு வேலை மிச்சம், எழுந்து வந்துவிடலாம்.

பின்மூடியைப் பார்க்கும்போது பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் நல்லது. நகைக்கடையில் வைரம் பார்க்க வைத்திருப்பார்களே, அதேதான். சீரியல் எண் இருக்கும் இடத்தில் உலோகம் மட்டும் தனியாகப் பளபளப்பாகவோ, லேசாகக் குழிந்தோ, சுற்றியுள்ள கோடுகளின் ஓட்டம் அந்த இடத்தில் அறுந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். சில தரகர்கள் எண்ணைத் தேய்த்துவிடுவார்கள். சரக்கை வெளியே விட்ட டீலர் யார் என்று கம்பெனி கண்டுபிடித்தால் டீலர்ஷிப்பே போய்விடும், அதனால் இந்த வேலை. எண் அழிந்த வாட்ச்சை வாரண்டியில் எடுக்க மாட்டார்கள் என்பது மட்டுமில்லை, காசு கொடுத்தாலும் சர்வீஸுக்கு வாங்க மறுக்கலாம். திருட்டுப் பொருளும் இதே போலத்தான் இருக்கும், சர்வீஸ் சென்டர்காரர்களுக்கு வேறுபாடு தெரியாது.

"வாரண்டி போனால் போகட்டும், நம்ம தெருவில் முப்பது வருஷமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவர் இருக்கிறாரே" என்று நீங்கள் நினைக்கலாம். சில வாட்ச்சுக்கு அது நல்ல கணக்குதான். ஸெய்கோவின் 4ஆர்36 மெஷின் உள்ள ஒரு வாட்ச்சைக் கிரே மார்க்கெட்டில் வாங்கினால் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. அதோடு ஒத்துப்போகும் என்.ஹெச்.36 மெஷின் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. கெட்டால் மெஷினையே மாற்றிவிடலாம். நீங்கள் கேட்கும் வாட்ச்சுக்குள் இருப்பது பவர்மேட்டிக் 80. ஒருமுறை முழுக்க முடுக்கினால் 80 மணி நேரம் ஓடும். சாதாரண மெஷினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், ரெகுலேட்டர் என்பார்கள். இந்த மெஷினில் அது கிடையாது. தினம் ஒரு நிமிஷம் பிந்துகிறது என்று கொண்டு போனால், தெருமுனை மெக்கானிக் வழக்கமாகக் கை வைக்கும் இடமே அங்கே இல்லை. உதிரி பாகமும் வெளியே எளிதில் சிக்காது. கடைசியில் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கும், செலவு உங்களுடையது. அங்கே முழு சர்வீஸுக்கு என்ன கட்டணம் என்று இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரகத்துக்குப் பத்தாயிரத்தை ஒட்டிச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. முத்திரை வைத்த துபாய் அட்டை கையில் இருக்கிறது, வாட்ச் மூன்றாம் மாதம் மக்கர் செய்கிறது என்று வையுங்கள். நீங்கள் முதலில் ஓடுவது விற்ற கடைக்குத்தான். அவர் "நம்ம ஷாப் வாரண்டி இருக்கு சார், விட்டுட்டுப் போங்க" என்று தம் மெக்கானிக்கிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லுவார். அங்கீகாரம் இல்லாதவர் கை வைத்த வாட்ச் வாரண்டியில் வராது என்பதும் கையேட்டில் இருக்கிறது. நல்ல அட்டை அன்றோடு காகிதமாகிவிடும். அதோடு, திறந்து மூடும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் தாங்கும் திறனும் போய்விடும். பிறகு ஒருநாள் கை கழுவும்போது கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படியும். அப்போது சர்வீஸ் சென்டரில் அவர்கள் பார்க்கும் முதல் விஷயம், பின்மூடியில் திறந்த கீறல் இருக்கிறதா என்பதே. சிலர் விற்கும் முன்பே மெஷினைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்காகத் திறந்திருப்பார்கள். அதையும் லென்ஸில் பாருங்கள்.

அடுத்தது பில். "எழுதித் தர்றேன்" என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அது பெரும்பாலும் எஸ்டிமேட் சீட்டாகத்தான் இருக்கும். முறையான வரி பில்லில் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண் இருக்கும், கர்நாடகக் கடை என்றால் 29 என்று தொடங்கும். மகாராஷ்டிரம் 27, டெல்லி 07. `services.gst.gov.in` தளத்தில் `Search Taxpayer` என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். "ஒரு ரிஸ்ட் வாட்ச், 49,000" என்று மட்டும் எழுதிய பில் எந்த வாட்ச்சுக்கும் பொருந்தும், அதனால் உங்கள் வாட்ச்சுக்குப் பயன்படாது.

பெட்டியின் வெளியே ஒட்டியிருக்கும் சீட்டையும் தேடுங்கள். இந்தியாவில் முறையாக இறக்குமதியாகி விற்கும் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது எடை அளவைச் சட்டத்தின் கீழ் வரும் விதி. ஷோரூம் பெட்டியில் அது இருக்கும். துபாய் சரக்கில் இருக்காது. இரண்டு பெட்டியையும் ஒருமுறை பார்த்தால் பிறகு கண்ணே சொல்லிவிடும்.

இந்த பில்லைப் பற்றி இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 1962-ம் வருட சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவு தங்கத்தையும் கைக்கடிகாரத்தையும் தனியாகப் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. கடத்தல் பொருள் என்ற நியாயமான சந்தேகத்தில் அதிகாரிகள் பறிமுதல் செய்தால், "இது கடத்தல் இல்லை" என்று நிரூபிக்கும் பொறுப்பு பொருளை வைத்திருப்பவருடையது. மற்ற பல பொருளில் நிரூபிக்க வேண்டியது அரசாங்கம், இதில் தலைகீழ். ஒற்றை வாட்ச் கட்டியவர் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சோதனை நடப்பது கடைகளில். ஆனால் நீங்கள் ரிப்பேருக்கு விட்ட அன்று அந்தக் கடையில் சோதனை நடந்தால் உங்கள் வாட்ச்சும் அந்த மூட்டையோடு போகும். மாப்பிள்ளை கம்பெனி வேலையாக வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் "இது எங்கே வாங்கியது?" என்ற கேள்வி வந்தால் இந்திய பில் இருப்பவர் போட்டோவைக் காட்டிவிட்டு நடப்பார். இல்லாதவர் அங்கே நின்று கதை சொல்ல வேண்டும்.

அந்த 49,000 எப்படி வருகிறது என்பதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊகத்துக்கு, துபாய்க் கடையில் சில்லறை விலை நம் காசில் 40,000 என்று வையுங்கள். இறக்குமதித் தீர்வையின் பொது விகிதம் 20 சதவீதம், அதாவது 8,000. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி 800. சேர்ந்தால் 48,800. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 8,784. மொத்தம் 57,584. இப்படி வாங்கியவரால் 49,000-க்கு விற்க முடியாது. 2025 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்த ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடான ஒப்பந்தத்தால் ஸ்விஸ் வாட்ச் தீர்வை படிப்படியாகக் குறைகிறது. தீர்வை முழுக்கப் பூஜ்யம் என்றே வைத்தாலும் ஜி.எஸ்.டி. சேர்ந்து 47,200 ஆகிவிடும். மிச்சம் 1,800 ரூபாயில் கடை வாடகையும் லாபமும் எங்கே வரும்?

ஆனால் இதை வைத்து மட்டும் அவரைக் கடத்தல்காரர் என்று சொல்லிவிட முடியாது. தேங்கிய சரக்கை 30 சதவீதத் தள்ளுபடியில் 28,000-க்கு எடுத்திருந்தால், பழைய விகிதத்தில் எல்லா வரியும் கட்டி 40,309 ரூபாய்தான் ஆகும். 49,000-க்கு நேர்மையாகவே விற்கலாம். அப்படி நேர்மையாகக் கொண்டுவந்தவரிடம் முறையான வரி பில் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். பில் கேட்டதும் "பில் போட்டா 18 பர்சன்ட் கூட ஆகும் சார்" என்று பதில் வந்தால், வரி எந்த இடத்தில் விடுபட்டது என்று அவரே சொல்லிவிட்டார்.

இனி வித்தியாசத்தைப் பார்ப்போம். 68,500 என்பது பட்டியல் விலை. இந்த ரக ஸ்விஸ் வாட்ச்சில் அங்கீகாரம் பெற்ற கடைகளும் பேசினால் குறைப்பார்கள், பண்டிகைக் காலத்தில் கிரெடிட் கார்டு சலுகையும் இருக்கும். ரோலெக்ஸ் மாதிரி "கிடைத்தாலே பெரிது" என்ற நிலை இங்கே இல்லை. இரண்டு மூன்று ஷோரூமில் கேட்டு 10 சதவீதம் குறைந்தால் 61,650. வித்தியாசம் 12,650-க்கு இறங்கிவிட்டது. அட்டை செல்லாத வாட்ச்சில் ஒரே ஒரு முறை உங்கள் செலவில் முழு சர்வீஸ் செய்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் இருக்கும் இரண்டாயிரம் மூவாயிரத்துக்காக பில் இல்லாத வாட்ச்சை மாப்பிள்ளை கையில் கட்டுவதா என்பது உங்கள் முடிவு. நான் என்றால் ஷோரூமில் வாங்குவேன். கம்பெனி நிறுத்திவிட்ட பழைய மாடல், இந்தியாவுக்கே வராத நிறம் என்று வந்தால் வேறு வழியில்லை, அப்போது கிரே மார்க்கெட்டுக்குப் போவதில் தப்பில்லை. பி.ஆர்.எக்ஸ். எல்லா ஷோரூமிலும் கிடைக்கிறது.

வாரண்டிக் காலம் நீளமாகும்போது இந்தக் கணக்கு இன்னும் டீலர் பக்கம் சாயும். ரோலெக்ஸ் 2015 ஜூலையிலிருந்தும், ஒமேகா 2018 நவம்பரிலிருந்தும் 5 வருடம் கொடுக்கின்றன. ஒரிஸ் தன் காலிபர் 400 மெஷினுக்குப் பதிவு செய்தால் 10 வருடம் கொடுக்கிறது. அங்கெல்லாம் அட்டை செல்லாமல் போனால் இழப்பதும் அத்தனை வருடம்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கடைதான் என்றால், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கார்டிலோ யு.பி.ஐ.யிலோ, பில்லில் உள்ள அதே கடைப் பெயருக்குக் கொடுங்கள். கடைக்காரர் தம்பியின் சொந்த எண்ணுக்குப் போட்ட பணம், பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லும்போது உங்களுக்குச் சாட்சி சொல்லாது. வாங்கிய அன்றே வாட்ச்சை முழுக்க முடுக்கி, அசைக்காமல் மேசையில் மல்லாக்க வைத்துவிடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் கிரவுன் என்ற திருகை மெதுவாக நாற்பது சுற்று சுற்றினால் போதும். நிற்கிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 80 மணி நேரம் ஓட வேண்டியது 60-ல் நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறதோ என்று சந்தேகப்படலாம், திருப்பிக் கொடுக்கிற பேச்சை அப்போதே தொடங்குங்கள். இந்தச் சோதனைக்கு மூன்றரை நாள் ஆகும் என்பதால் தீபாவளிக்கு முந்தின நாள் போய் வாங்காதீர்கள்.

எங்கே வாங்கினாலும் இன்னும் இரண்டு விஷயம். பிரேஸ்லெட்டை மாப்பிள்ளை கைக்குச் சுருக்கும்போது கழற்றிய லிங்குகளை எண்ணி வாங்குங்கள், தனியாக வாங்கப் போனால் விலை அதிகம். ஷோரூமில் உங்கள் கண்ணெதிரே அட்டையில் தேதியும் முத்திரையும் போடச் சொல்லுங்கள், கூட்டத்தில் விட்டுவிடுவார்கள். பிறகு அட்டை, பில், பின்மூடி மூன்றையும் போட்டோ எடுத்து உங்களிடம் வைத்துக்கொண்டு, அசலைப் பெட்டியோடு மாப்பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் பெண்ணைப் பெற்றவர்கள் பில்லை எல்லாம் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைப்பது வழக்கம். மாப்பிள்ளை வேறு ஊரில் வேலை பார்க்கிறவர் என்றால் அங்குள்ள சர்வீஸ் சென்டரில் கேட்கப்போவது அந்த அட்டையைத்தான்.